பதினாறு மூட்டை குறைந்தால்: சப்ளையருக்குப் புகார்க் கடிதம் எழுதும் முறை

சுங்கை சிப்புட்டில் செம்பனைச் சிறுதோட்டக்காரர்களுக்கு உரமும் மருந்தும் அறுவடைச் சாமான்களும் விற்கும் கடை ஒன்றில் நான் பத்தொன்பது ஆண்டுகளாகக் கொள்முதல் கணக்கைப் பார்த்து வருகிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அக்கா, சாமான் குறைஞ்சு வந்திருக்கு, என்னன்னு எழுதுறது?" அவர்களுக்கு மேசை அருகில் நின்று சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். சரக்குக் குறைவுகளில் பல வகை உண்டு. அவற்றில் மிக அதிகமாகத் தகராறுக்குப் போவது, சரக்கோடு வரும் ஒப்படைப்புச் சீட்டான டி.ஓ.வில் முழு எண்ணிக்கை எழுதியிருக்க, லோரியிலிருந்து இறங்கியது குறைவாக இருக்கும் வகைதான். ஆகவே அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு முதலிலிருந்து முடிவு வரை போகிறேன்.

எடுத்துக்காட்டு இதுதான். மார்ச் 3ஆம் தேதி 0417 என்ற எண்ணில் ஒரு கொள்முதல் ஆணை அனுப்பினோம். 50 கிலோ மூட்டையாக என்.பி.கே. கலவை உரம் 120 மூட்டை, மூட்டை 140 ரிங்கிட், மார்ச் 12க்குள் கடையில் இறக்கித் தர வேண்டும் என்பது ஆணை. மார்ச் 12 பிற்பகல் லோரி வந்தது. டி.ஓ.வில் 120 என்று இருந்தது. இறங்கியவை 104.

கடிதம் தொடங்கும் இடம் லோரியின் பின்கதவு

புகார்க் கடிதத்தின் பலம் அதில் உள்ள சொற்களில் இல்லை, டி.ஓ.வில் நீங்கள் கையெழுத்திடும் முன் என்ன எழுதினீர்கள் என்பதில் இருக்கிறது. பெரும்பாலான டி.ஓ.க்களின் அடியில், பொருள்கள் முழுமையாகவும் நல்ல நிலையிலும் பெறப்பட்டன என்னும் பொருளில் ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். அதன் கீழ் கடையின் சாப்பைக் குத்திக் கையெழுத்தும் போட்டுவிட்டால், மறுநாள் நீங்கள் எழுதும் கடிதம் உங்கள் கையெழுத்துக்கு எதிராகவே வாதாடும் கடிதமாகிவிடுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் அதைத்தான் செய்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது, மூட்டைகள் நனையக்கூடாது என்ற அவசரத்தில் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள், லோரிக்காரர் இன்னும் இரண்டு கடைக்குப் போக வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தார். எண்ணாமல் கையெழுத்திட்டேன். இரவு கடை அடைக்கும்போது எண்ணிப் பார்த்தால் ஒன்பது மூட்டை இல்லை. மறுநாள் இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். என் கையெழுத்துள்ள டி.ஓ.வின் நகலை மட்டும் சப்ளையர் பதிலாக அனுப்பி வைத்தார். அந்த ஒன்பது மூட்டைக்கும் கடை பணம் கட்டியது.

அதற்குப் பிறகு எங்கள் ஸ்டோரில் ஒரு வழக்கம் வந்தது. மூட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்க வேண்டும். ஓர் அடுக்கு பத்தானதும் சுவரில் சாக்பீசால் ஒரு கோடு போட வேண்டும். எண்ணுபவரும் எழுதுபவரும் வெவ்வேறு ஆளாக இருக்க வேண்டும். மார்ச் 12 அன்று சுவரில் பத்துக் கோடுகள் இருந்தன, பதினொன்றாவது அடுக்கில் நான்கு மூட்டைகள் இருந்தன. லோரி ஓட்டுநரை அழைத்து அந்த அடுக்குகளின் முன் நிறுத்தி அவரையும் எண்ணச் சொன்னோம். அவர் எண்ணியும் 104தான் வந்தது.

அப்போது டி.ஓ.வில் 120 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியது இவ்வளவுதான்: "எண்ணிப் பெற்றது 104. குறைவு 16. 12 மார்ச், பிற்பகல் 3.40." கீழே நம் கையெழுத்து, அதன் கீழ் ஓட்டுநரின் கையெழுத்தும் லோரி எண்ணும். இதை நம்மிடம் தங்கும் பிரதியில் மட்டும் எழுதினால் போதாது. சப்ளையரிடம் திரும்பிப் போகும் பிரதியிலும் அதே சொற்களில் எழுத வேண்டும். நம் பிரதியில் மட்டும் இருந்தால், லோரி போன பிறகு நாமே சேர்த்து எழுதியது என்று சொல்ல இடமிருக்கிறது. ஓட்டுநர் கையெழுத்திட மறுத்தால் சண்டை வேண்டாம். "ஓட்டுநர் கையெழுத்திட மறுத்தார்" என்று இரு பிரதிகளிலும் எழுதி, அவர் இருக்கும்போதே டி.ஓ.வையும் அடுக்குகளையும் கைப்பேசியில் படம் எடுத்து, சப்ளையரின் விற்பனையாளருக்கு அந்த நிமிடமே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அந்தச் செய்தியில் பதியும் நேரமே பிறகு சாட்சியாகிறது.

குறைந்தது எண்ணிக்கையா, அலகா?

கடிதம் எழுத உட்காரும் முன் கொள்முதல் ஆணையையும் டி.ஓ.வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்ணை மட்டும் பார்க்காமல் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகையும் படியுங்கள். ஒருமுறை கையுறை 20 டஜன் கேட்டிருந்தோம். டி.ஓ.வில் 20 என்று இருந்தது, வந்ததும் 20 கட்டுகள்தான். பையன் சரி என்று வாங்கி வைத்துவிட்டான். ஒரு கட்டைப் பிரித்தபோது உள்ளே பத்து ஜோடிதான். 240 ஜோடிக்குப் பதில் 200 ஜோடி. டி.ஓ.வில் "டஜன்" என்ற சொல் இல்லை, "பாக்கெட்" என்று இருந்தது. இங்கே லோரியிலிருந்து எதுவும் தொலையவில்லை, ஆணையை டி.ஓ.வாக மாற்றி அடித்தவர் அலகை மாற்றிவிட்டார். இப்படிப்பட்ட குறைவுக்கு "நீங்கள் குறைத்து அனுப்பினீர்கள்" என்று எழுதினால், "நாங்கள் 20 அனுப்பினோம், நீங்களும் 20 பெற்றீர்கள்" என்றுதான் பதில் வரும். அலகைச் சுட்டிக்காட்டி, ஆணையின் அந்த வரியை அப்படியே எடுத்தெழுதினால்தான் காரியம் நடக்கும்.

இன்னொரு வகையில், சப்ளையரே டி.ஓ.வில் 104 என்று எழுதி, மீதி பின்னர் என்று குறிப்பும் போட்டிருப்பார். அது மறைந்த குறைவு அல்ல, தாமதம். அதற்குப் புகாரே வேண்டியதில்லை; மீதி எந்தத் தேதிக்கு என்று கேட்டு நான்கு வரி எழுதினால் போதும்.

என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

புதியவர்களின் கடிதங்களில் நான் அடிக்கடி காணும் குறை இதுதான்: நடந்ததை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்துவிடுகிறார்கள். எது தக்க நடவடிக்கை என்று சப்ளையருக்குத் தெரியாது. தெரிந்தாலும் தனக்கு எளிதானதைத்தான் செய்வார். முடிவு நம்முடையதாக இருக்க வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 37ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் உள்ளதைவிடக் குறைவாக விற்பவர் அனுப்பினால், வாங்குபவர் அந்தச் சரக்கை மறுக்கலாம். மறுக்காமல் ஏற்றுக்கொண்டால், ஏற்றுக்கொண்ட அளவுக்கு ஒப்பந்த விலையைக் கட்ட வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதவரை, தவணை தவணையாக வரும் சரக்கை வாங்கிக்கொள்ள வாங்குபவருக்குக் கடமை இல்லை என்று அடுத்த பிரிவு சொல்கிறது. ஆகவே உங்கள் கொள்முதல் ஆணையின் பின்பக்கத்தில் பகுதி பகுதியாக அனுப்பலாம் என்று ஏதும் அச்சிட்டிருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். நம் கடையின் ஆணையில் நாமே அச்சடித்த வரி நமக்கு எதிராக இருப்பதைப் பலர் பிரச்சினை வந்த பிறகுதான் பார்க்கிறார்கள்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? 104 மூட்டையையும் மறுக்க நினைத்தால், அதில் ஒன்றைக்கூட வாடிக்கையாளருக்கு விற்றுவிடக் கூடாது. விற்றுவிட்டால் அந்தச் சரக்கை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். எதுவும் சொல்லாமல் நீண்ட நாள் வைத்திருந்தாலும் அப்படித்தான். முழுவதையும் மறுப்பது உரக் கடைக்கு அநேகமாகப் பயன்படாத வழி, ஏனென்றால் தோட்டக்காரர்கள் மழை கனக்கும் முன் உரம் போட்டு முடிக்க வேண்டும், அவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். ஆகவே நாங்கள் 104ஐ ஏற்றுக்கொண்டோம். மீதி 16ஐக் குறிப்பிட்ட தேதிக்குள் கேட்பது என்றும், அந்தத் தேதி தவறினால் அந்த 16ஐ மட்டும் ரத்து செய்து, அதன் தொகையைக் கணக்கில் கழித்துத் தரும் கிரெடிட் நோட் கேட்பது என்றும் முடிவு செய்தோம். கேட்பது ஒன்று, அது தவறினால் அடுத்தது ஒன்று. இதற்கு மேல் கடிதத்தில் வைக்காதீர்கள். நட்டஈடு, தள்ளுபடி, மன்னிப்பு என்று ஐந்தாறு கோரிக்கைகளை அடுக்கினால், அவற்றில் மிக எளிதானதற்கு மட்டும் பதில் வரும். மன்னிப்பு வரும், மூட்டை வராது.

கடிதம்

எங்கள் கடிதம் இப்படி இருந்தது. சப்ளையரின் கணக்குப் பிரிவில் தமிழ் படிப்பவர் இல்லை என்றால் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டியிருக்கும். அப்போதும் பத்திகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

> 13 மார்ச்
>
> விற்பனைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,
>
> பொருள்: கொள்முதல் ஆணை 0417, டி.ஓ. 22815 — உரம் 16 மூட்டை குறைவு
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> மார்ச் 3 தேதியிட்ட எங்கள் கொள்முதல் ஆணை 0417இன்படி, 50 கிலோ என்.பி.கே. கலவை உரம் 120 மூட்டையை, மூட்டை 140 ரிங்கிட் விலையில், மார்ச் 12க்குள் எங்கள் கடையில் தாங்கள் இறக்கித் தர வேண்டும்.
>
> மார்ச் 12 பிற்பகல் டி.ஓ. 22815 உடன் சரக்கு வந்தது. டி.ஓ.வில் 120 மூட்டை என்று குறிக்கப்பட்டிருந்தது. இறக்கி எண்ணியபோது 104 மூட்டைகளே இருந்தன. தங்கள் லோரி ஓட்டுநரும் எண்ணிப் பார்த்து, டி.ஓ.வின் இரு பிரதிகளிலும் இந்தக் குறைவுக்குக் கையெழுத்திட்டுள்ளார். குறைந்த 16 மூட்டையின் மதிப்பு, ஆணை விலையில் 2,240 ரிங்கிட்.
>
> வந்த 104 மூட்டையை ஏற்றுக்கொண்டுள்ளோம். மீதி 16 மூட்டையைத் தங்கள் செலவில் மார்ச் 20க்குள் அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் வாடிக்கையாளர்களின் உரமிடும் சுற்று அந்த வாரத்தில் முடிவதால், அதற்குப் பிறகு வரும் சரக்கு எங்களுக்குப் பயன்படாது. மார்ச் 20க்குள் வராவிட்டால் அந்த 16 மூட்டைக்கான ஆணையை ரத்து செய்து, 2,240 ரிங்கிட்டுக்குக் கிரெடிட் நோட் கேட்போம்.
>
> 104 மூட்டைக்கான 14,560 ரிங்கிட்டை வழக்கமான தவணைக்குள் செலுத்துவோம். அனுப்பும் தேதியை மார்ச் 17க்குள் எழுத்து மூலம் உறுதிப்படுத்தவும்.
>
> இணைப்பு: கொள்முதல் ஆணையின் நகல், குறிப்பெழுதிய டி.ஓ.வின் நகல், படங்கள் இரண்டு.

இதில் சில இடங்களைக் கவனியுங்கள். முதல் பத்தியில் ஆணை மட்டும் இருக்கிறது, இரண்டாவதில் வந்தது மட்டும் இருக்கிறது. கேட்டது 120, டி.ஓ.வில் எழுதியது 120, எண்ணியது 104 என்னும் மூன்று எண்களும் தனித்தனியே தெரிய வேண்டும். "நீங்கள் 120 அனுப்பாமல் ஏமாற்றிவிட்டீர்கள்" என்று எழுதினால் மூன்றும் கலந்துவிடுகின்றன. அதோடு நமக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னவர்களாகிவிடுகிறோம். சரக்கு அவர்களின் கிடங்கிலேயே குறைந்ததா, வழியில் வேறு கடையில் தவறி இறங்கியதா என்பது நமக்குத் தெரியாது. பெரும்பாலும் இரண்டாவதுதான் நடந்திருக்கும். "எண்ணியபோது 104 இருந்தன" என்பதை யாரும் மறுக்க முடியாது.

மார்ச் 20 என்ற தேதிக்கு நாம் காரணம் சொல்லியிருக்கிறோம். காரணம் இல்லாத தேதியை சப்ளையர் ஒரு விருப்பமாகவே எடுத்துக்கொள்வார். காரணம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மார்ச் 25இல் நீங்கள் அதே உரத்தை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டால், அடுத்த கடிதத்தில் எழுதும் எந்தத் தேதிக்கும் மதிப்பிருக்காது.

பணம் பற்றிய வரியைப் பலர் விட்டுவிடச் சொல்வார்கள். முழு இன்வாய்ஸையும் நிறுத்தி வைத்தால்தான் சப்ளையர் அசைவார் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏற்றுக்கொண்ட 104க்குப் பணம் நம் கடன்தான். அதை நிறுத்தினால் அவர்கள் நம் கணக்கை முடக்கி அடுத்த ஆணைக்குச் சரக்கு அனுப்ப மறுப்பார்கள், அப்போது தவறு நம் பக்கம் வந்துவிடும். தகராறில் இருக்கும் 2,240ஐ மட்டும் தனியே பிரித்து வைப்பதே நம் நிலையைக் காக்கும்.

அனுப்பும் நாளும் இன்வாய்ஸும்

கடிதத்தை மறுநாளே அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால், அந்த ஒரு வாரத்தில் உங்கள் ஸ்டோரிலேயே குறைந்திருக்கலாம் என்ற கேள்வி எழும். மின்னஞ்சலில் விற்பனைப் பிரிவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் சேர்த்தே அனுப்புவது நல்லது, ஏனென்றால் மூட்டையை அனுப்புபவர் ஒருவர், இன்வாய்ஸ் அடிப்பவர் இன்னொருவர். விற்பனையாளரின் வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் உங்கள் புகாரும் அவரோடு போய்விடும்.

சப்ளையர் மின்-இன்வாய்ஸ் முறைக்குள் வந்துவிட்டவர் என்றால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. உள்நாட்டு வருமான வாரியத்தின் மைஇன்வாய்ஸ் முறையில் இன்வாய்ஸ் சரிபார்க்கப்பட்ட நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வாங்குபவர் நிராகரிப்பைக் கோரலாம், விற்பவர் ரத்து செய்யலாம். அந்த நேரம் கடந்துவிட்டால், தொகையைத் திருத்த விற்பவர் கிரெடிட் நோட் போட வேண்டும். ஆகவே 120 மூட்டைக்கு 16,800 ரிங்கிட் என்று இன்வாய்ஸ் வந்திருந்தால், கடிதம் அனுப்பும் அன்றே அது எந்த நேரத்தில் சரிபார்க்கப்பட்டது என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை வந்த இன்வாய்ஸைத் திங்கட்கிழமை மாலைக்குப் பிறகு திறந்தால் அந்த வாய்ப்பு போய்விட்டிருக்கும்.

டி.ஓ.வில் எதுவும் எழுதாமல் கையெழுத்திட்டுவிட்டால்

அப்படியும் கடிதம் எழுதத்தான் வேண்டும், ஆனால் நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும்: "பெறும்போது எண்ணவில்லை, அன்று மாலை 6 மணிக்கு எண்ணியபோது 104 இருந்தன." அதன் பிறகு சப்ளையரிடம் இருக்கும் ஆதாரத்தைக் கேளுங்கள். கிடங்கில் ஏற்றும்போது எழுதிய ஏற்றுப் பட்டியலும், லோரி எடைமேடை ஏறியிருந்தால் அந்தச் சீட்டும் வேண்டும் என்று எழுதுங்கள். 120 மூட்டை என்றால் சரக்கின் எடை 6 டன். 104 என்றால் 5.2 டன். எண்ணூறு கிலோ வித்தியாசம் எடைச் சீட்டில் மறையாது. அந்த லோரி அன்று வேறு கடைகளுக்கும் சரக்கு கொண்டுபோயிருந்தால், அங்கே கூடுதலாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லுங்கள். எங்கள் ஒன்பது மூட்டைக்கு நான் அப்போதே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

பதில் வரவில்லை என்றால்

மார்ச் 17 கடந்தும் பதில் இல்லை என்றால் இரண்டாம் கடிதம் மிகச் சிறியதாக இருக்கட்டும். முதல் கடிதத்தின் தேதி, 16 மூட்டை, மார்ச் 20, அதன் பிறகு ரத்து, இவ்வளவு போதும். இதைக் கையொப்பம் பெற்றுக் கொடுக்கும் தபாலில் அனுப்புங்கள். புதிய குற்றச்சாட்டு எதையும் இதில் சேர்க்க வேண்டாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவோம் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். விற்பனைக்காகச் சரக்கு வாங்கும் கடைக்கு அங்கே இடமில்லை, அது சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குபவர்களுக்கானது. சப்ளையரின் கணக்கருக்கு இது தெரியும். தெரிந்தவரிடம் தவறான மிரட்டலை அனுப்பினால் மற்ற வரிகளும் பலம் இழக்கும்.

மீதி வந்த பிறகு

எங்கள் 16 மூட்டை மார்ச் 19 அன்று வந்தது. கூடவே வந்த புதிய டி.ஓ.வில் ஆணை எண்ணுக்கான இடம் காலியாக இருந்தது, இரண்டு நாள் கழித்து 16 மூட்டைக்கு 2,240 ரிங்கிட் என்று புதிய இன்வாய்ஸும் வந்தது. முதல் இன்வாய்ஸ் 120க்கு இருக்க, இதையும் கட்டியிருந்தால் 136 மூட்டைக்குப் பணம் கொடுத்தவர்களாகியிருப்போம். இது பெரும்பாலும் வேண்டுமென்றே செய்வதில்லை. கிடங்கிலிருந்து ஒரு டி.ஓ. வெளியே போனால் கணக்குப் பிரிவில் தானாகவே ஓர் இன்வாய்ஸ் அடிக்கப்படுகிறது.

அதனால் இப்போதெல்லாம் எங்கள் புகார்க் கடிதத்தின் நான்காம் பத்தியில் இன்னும் ஒரு வாக்கியம் சேர்க்கிறோம்: "மீதிச் சரக்கின் டி.ஓ.வில் ஆணை 0417 என்றும், 'மீதி, தனி இன்வாய்ஸ் இல்லை' என்றும் குறிப்பிடவும்." அப்படிக் குறிப்பிடாத டி.ஓ. வந்தால், மூட்டையை இறக்கி எண்ணிய பிறகு அந்தச் சொற்களை நாமே இரு பிரதிகளிலும் எழுதி, ஓட்டுநரின் கையெழுத்தை வாங்கி, முதல் டி.ஓ.வோடு சேர்த்துக் கிளிப் போட்டுக் கோப்பில் வைக்கிறோம்.